பால் பல்லுதானே, விழப் போறதுதானே?

ஸ்லைடு 1
"பால் பல்லுதானே டாக்டர், எப்படியும் விழப் போறதுதானே?"
தர்மபுரியில நம்ம கிளினிக்ல அடிக்கடி கேட்கிற கேள்வி. பதில் அடுத்த ஸ்லைடுல.

ஸ்லைடு 2
முன்பல் 6, 7 வயசுல விழும். ஆனா கடைவாய்ப் பால் பல் 10–12 வயசு வரைக்கும் இருக்கணும். சொத்தையாகி முன்னாடியே போனா பக்கத்துப் பல் அந்த இடத்துல சாயும். புதுப் பல் கோணலா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடு 3
முதல் பல் எட்டிப் பார்த்ததுமே பிரஷ். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.
ஒண்ணுதான் முடியும்னா ராத்திரியை விடாதீங்க. தூங்கும்போது எச்சில் குறைவா சுரக்கும். பல்லைக் கழுவ ஆளில்லை. தேய்ச்ச பிறகு தண்ணி மட்டும்தான். பால் பாட்டிலோட தூங்க வைக்கிறது வேண்டவே வேண்டாம்.
"அவனே தேய்ச்சுக்குவான்"? 7, 8 வயசு வரை கடைசிக் கை உங்களோடதா இருக்கட்டும். தலையை மடியில சாய்ச்சு வெச்சுத் தேய்ங்க, கடைவாய் நல்லா தெரியும்.

ஸ்லைடு 4
பேஸ்ட் எவ்வளவு?
3 வயசு வரை: ஒரு அரிசி அளவு
3–6 வயசு: ஒரு பட்டாணி அளவு
டிவி விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம்.

நம்ம மாவட்டத்துல பல் காவி பிடிச்சவங்களைப் பார்த்துப் பார்த்து, புளோரைடு பேஸ்ட்னாலே பயப்படுறோம். அந்தக் கறை, பல் உருவாகுற வயசுல குடிச்ச தண்ணியில புளோரைடு அதிகமா இருந்ததால வந்தது. சொத்தையைத் தடுக்க புளோரைடு பேஸ்ட் வேணும். வயசுக்கு மேல சொன்ன அளவு போதும், துப்பச் சொல்லிக் கொடுங்க. வீட்ல குடிக்கிறது போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியான்னு வரும்போது சொல்லுங்க.

ஸ்லைடு 5
இனிப்பு எவ்வளவுங்கிறதைவிட எத்தனை தடவைங்கிறதுதான் பெரிய விஷயம்.
ஒவ்வொரு தடவை இனிப்பு பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கும். பல் அரை மணி நேரத்துக்கு மேல அதுலயே ஊறும். நாலு பிஸ்கட்டை ஒரே நேரம் சாப்பிட்டா ஒரு தாக்குதல். மணிக்கு ஒண்ணா கொடுத்தா நாலு.
கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன்? கிருமிக்கு எல்லாமே சர்க்கரைதான். (பாட்டிகள் மன்னிக்கணும். ஒரு வயசுக்குள்ள தேன் எப்படியும் கூடாது.) ஹெல்த் டிரிங்க் பவுடர் டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு தடவை படிங்க.
ஸ்வீட் கொடுக்கணும்னா சாப்பாட்டோட சேர்த்துக் கொடுங்க. இடையில தாகமா? தண்ணி.

ஸ்லைடு 6
இன்னைக்கே குழந்தையோட மேலுதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரமா சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரியுதா? சொத்தையோட ஆரம்பம் அது. இந்தக் கட்டத்துல வந்தா டிரில் இல்லாமலே நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஸ்லைடு 7
முதல் விசிட்: முதல் பிறந்தநாளுக்குள்ள.
அம்மா மடியிலயே படுக்க வெச்சு எண்ணிப் பார்ப்போம், அவ்வளவுதான். அழுதா அழட்டும், வாய் நல்லாத் திறக்கும்!
வீட்ல ஒரே ஒரு உதவி: "சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்"னு மட்டும் சொல்லாதீங்க.

ஸ்லைடு 8
சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை குழந்தைகளுக்கு மட்டும். தூங்குற நேரத்தைத் தவிர்த்துட்டு, சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க. இப்ப தேய்க்கிற பிரஷ்ஷையும் எடுத்துட்டு வாங்க.