பன்னிரண்டு பெட்டி

தொண்ணூற்றொன்பதாவது மூட்டைக்கு மண் அள்ளப் போன செல்வி, சட்டியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மேஸ்திரி, மண்ணு தீந்துபோச்சு."

மிக்சர் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஜல்லி சுமந்து வந்தவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் வந்தவளும் நின்றாள். ஆள் வரிசை அப்படியே உறைந்ததைப் பார்த்துத்தான் மேலே இருந்த முருகேசன் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று சைட் இன்ஜினியர் கதிரும் எட்டிப் பார்த்தான். கல்லை உடைத்து எடுத்த மணலான எம்-சேண்ட், காலையில் ஆள் உயரம் குவிந்திருந்த இடத்தில் ஈரக் கறை மட்டும் இருந்தது. சிமெண்ட் ஷெட்டில் இன்னும் 83 மூட்டை. ஜல்லி பாதிக்குப் பாதி. மண் மட்டும் இல்லை.

மணி ஒன்றரை. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் நாற்பதுக்கு அறுபது மனை. முப்பது அடி அகலம், ஐம்பது அடி நீளம், ஐந்து அங்குலத் தளம். பின்பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த கான்கிரீட் இருபத்தேழாவது அடியில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

கதிர் டைரியைப் புரட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தளமும் பீமும் சேர்த்து 22.5 கன மீட்டர். காய்ந்த அளவுக்கு 1.54-ஆல் பெருக்கியிருந்தான். சிமெண்ட், மண், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. சிமெண்ட் 181 மூட்டை. அதைக் கான்ட்ராக்டரே தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டு இறக்கிவிட்டார், ஜல்லியையும்தான். மண் மட்டும் கதிர் பொறுப்பு. அதற்கு நேரே இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தான்: 9.45.

9.45 என்ன? அதை எழுதவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கிரஷர்காரரிடம் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. வந்து நான்கு மாதத்தில் கற்ற கன்னடத்தை எங்கே காட்டலாம் என்று அலைந்துகொண்டிருந்த சமயம். "எம்-சேண்ட் ஹத்து பேக்கு" என்றான். "ஹத்து டன்னா சார்?" என்று அவர் கேட்டார். "ஹௌது, ஹத்து" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான். ஊரில் மணல் என்றால் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் நூறு கன அடி. கல்லூரியில் கன மீட்டர். இங்கே எடைமேடையில் ஏற்றி டன் கணக்கு. கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேலேயே வரும். பதினைந்து டன் வந்திருக்க வேண்டிய இடத்தில் பத்து டன் வந்திருக்கிறது. அதிலும் ராத்திரி பெய்த மழை ஒரு பங்கு.

"போன் போட்டுப் பாருங்க சார்" என்றார் மேஸ்திரி. குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் கதிரைச் சுட்டது.

கிரஷர் மாலூர்ப் பக்கம். லோடு ஏற்றி வண்டி கிளம்பவே மூன்றரை ஆகும், அதற்குள் சாயங்கால நெரிசல் தொடங்கிவிடும், லாரியை உள்ளே விடமாட்டார்கள், ராத்திரி பத்துக்கு மேல்தான் வரமுடியும் என்றார் கிரஷர்காரர். கடைசியில், "நீவே ஹத்து அந்த்ரல்லா சார்?" என்றார். நீங்கள்தானே பத்து என்றீர்கள். அது குற்றச்சாட்டுகூட இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

கீழே வீட்டுக்காரர் பிரியாணிப் பொட்டலங்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தளம் போடும் நாளுக்கு முப்பது பொட்டலம். ரிட்டயர் ஆன மனிதர், காலையில் தேங்காய் உடைத்தபோது கதிரின் நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டுப் போனவர். "என்னப்பா, சாப்பாட்டு நேரமா? சரியா வந்துட்டேன்" என்றார் சந்தோஷமாக. யாரும் மறுக்கவில்லை. இருபத்திரண்டு பேரும் கை கழுவப் போனார்கள்.

கதிரின் கண் காம்பவுண்ட் ஓரத்துக்குப் போனது. பூச்சு வேலைக்கு இறக்கிய பி-சேண்ட், தார்ப்பாய் போர்த்தி மூன்று டன்னுக்குக் குறையாமல் இருந்தது.

"அண்ணே, அதைக் கலந்து..."

முருகேசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பூச்சு மண்ணு."

"தெரியும்ணே. சிமெண்ட் ஒரு சட்டி கூடப் போட்டா..."

"மாவு மாதிரி இருக்கும். தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க சிமெண்ட் கூட்டுவீங்க, அவன் தண்ணியக் கூட்டுவான்." தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நானும் ஒரு தடவ போட்டுருக்கேன், இருபது வருசம் முன்னாடி. அந்தத் தெரு வழியா இன்னும் நான் போறதில்ல."

பிறகு கொஞ்சம் பொறுத்து, "நேத்து சாயங்காலமே குவியலப் பாத்தேன். கொறச்சலா தெரிஞ்சுச்சு" என்றார்.

"போதுமான்னு கேட்டீங்கள்ல."

"கேட்டேன். கணக்குப் போட்டாச்சுண்ணேன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான். ரெண்டாவது முறை ஏன் கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, கதிருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை கம்பிக்கு அடியில் வைத்த கவர் பிளாக் சரியில்லை என்று அத்தனை ஆட்கள் முன்னிலையில் அவரைக் கம்பியைத் தூக்கி மறுபடி வைக்கச் சொன்னவன் அவன். சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் அவனுக்கே இப்போது தொண்டையில் நின்றது.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தான். எதிர்முனையில் ஒரு நிமிடம் வசவு. பிறகு, "மேஸ்திரி சொல்றதக் கேளு. நாளைக்கு ஆள் கூலி உன் சம்பளத்துல" என்று வைத்துவிட்டார்.

"பீம் மேலயே நிறுத்திக்கலாம் சார்" என்றார் முருகேசன். "தாண்டிப் போன ரெண்டு அடிய வழிச்சு எடுத்துருவோம். வழக்கமா அங்கதான் நிறுத்துவோம்."

கதிர் சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தான். ஆனால் வாயில் வேறு வந்தது.

"வேண்டாம்ணே. பீம் ஓரத்துலதான் வெட்டு விசை அதிகம். பழசும் புதுசும் சேர்ற சேர்மானம் அங்க வரக்கூடாது. ஒரு பீமுக்கும் அடுத்த பீமுக்கும் நடுவுல, நடு மூணுல ஒரு பங்குல நிறுத்தணும். பன்னிரண்டரை அடி இடைவெளி. பீம்லேருந்து நாலே கால் அடியாவது போகணும்."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ இன்னும் ரெண்டு அடி போடணும்."

"ஆமா."

"எத்தன மூட்ட?"

முப்பது அடி அகலம், ரெண்டேகால் அடி, ஐந்து அங்குலம், குறுக்கே ஓடும் பீம்களின் பங்கு. இந்த முறை டைரியில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதினான். கை நடுங்கியதால் எழுத்து பெரிதாக விழுந்தது. "எட்டு மூட்டை. மண்ணு பன்னிரண்டு பெட்டி. காய்ஞ்ச மண்ணுன்னா."

"காய்ஞ்ச மண்ணு எங்க இருக்கு?" என்று முருகேசன் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, தெருமுனையைக் கையால் காட்டினார். "ரெண்டாவது கிராஸ்ல ஒரு வேலை நடக்குது. மேஸ்திரி தர்மபுரி ஆளு. ஷெட்டுக்குள்ள கொட்டி வச்சிருப்பான். நான் போனா, போன வருசத்துப் பாக்கியக் கேப்பான். நீங்க போங்க தம்பி."

சார் எப்போது தம்பி ஆனது என்று கதிர் கவனிக்கவில்லை. ஓடினான்.

தர்மபுரி மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. கதிர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னான். டன்னையும் கன மீட்டரையும் குழப்பியது வரைக்கும். அவர் மென்றபடியே கேட்டார்.

"எந்த ஊரு?"

"முசிறி பக்கம்ங்க."

"கணக்கெல்லாம் சரியாப் போட்டுட்டு, வாயில கோட்ட விட்டீங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், பன்னெண்டு பெட்டி அளந்து குடு. தலை தட்டிக் குடு, குவிச்சுக் குடுக்காத."

லக்கேஜ் ஆட்டோ இரண்டு நடை அடித்தது. அதற்குள் முருகேசன் கான்கிரீட்டின் வாயில் நனைந்த சாக்கைப் போர்த்தி, வெயில் படாமல் காத்திருந்தார். நடு நடுவே சாக்கைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்தார். கம்பிகளுக்கு வெட்டுக் கொடுத்த பலகையைச் செங்குத்தாக அடித்து நிறுத்தினார்கள். மிக்சர் மறுபடி சுற்றியது. எட்டு மூட்டை. கடைசிச் சட்டி பலகையைத் தொட்டபோது மூன்றரை. வைப்ரேட்டரைக் கதிரே வாங்கிப் பிடித்தான்.

ஆட்கள் போன பிறகு ஈரம் காயாத பழைய சிமெண்ட் சாக்குகள் நடுவே உட்கார்ந்தான். காலையில் ஒவ்வொரு மூட்டைக்கும் மேஸ்திரி பெட்டி அளவைத் தாண்டிக் கால் பங்கு கூட மண் போடச் சொன்னதைப் பார்த்திருந்தான். கைப்பிடி மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். அப்போது அதைக் கிராமத்துக் கணக்கு என்று நினைத்தான். இப்போது தண்ணீர் பாட்டில் ஒன்றின் கழுத்தை அறுத்து, ஓரத்தில் ஒதுங்கியிருந்த ஈர எம்-சேண்டை அள்ளி 20 சென்டிமீட்டர் வரை நிரப்பினான். கொட்டிவிட்டுப் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மண்ணை மெதுவாகத் திருப்பிப் போட்டுக் குச்சியால் கிண்டினான். மண் படிந்தது. 16 சென்டிமீட்டர்.

இருபதைப் பதினாறால் வகுத்தால் ஒன்றே கால். ஈரத்தில் மண் உப்பியிருக்கிறது, மேஸ்திரி கூடப் போடச் சொன்ன அதே கால் பங்கு. பாட்டிலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி பதினொன்றரைக்கு லாரி வந்தது. கதிர் தளத்திலேயே படுத்திருந்தான். சீட்டை டார்ச் வெளிச்சத்தில் படித்தான்: 7 டன். தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லியிருந்தான், இந்த முறை தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும்.

காலையில் பலகையைக் கழற்றி, சேர்மான முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பால் மாதிரி படிந்திருந்ததை எல்லாம் எடுத்து, கழுவி, சிமெண்ட் பால் பூசி மிச்சத்தைப் போட்டார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வேலை அப்படித்தான் இருக்கும்.

மாலையில் லக்கேஜ் ஆட்டோவோடு ரெண்டாவது கிராஸுக்குப் போனான். தர்மபுரி மேஸ்திரி நின்று எண்ணினார். பன்னிரண்டு இறங்கியது. ஆட்டோவில் இன்னும் மூன்று இருந்தன. அவற்றையும் இறக்கச் சொன்னான்.

"பன்னெண்டுதானே குடுத்தேன்?"

"நீங்க குடுத்தது காய்ஞ்ச மண்ணுங்க. இது ஈரம்."

அவர் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினார். விரலைப் பிரித்தார். உருண்டை உடையாமல் உள்ளங்கையில் நின்றது.

"முருகேசன் சொல்லிக் குடுத்தானா?"

"அவரும் சொன்னாரு" என்றான் கதிர்.

"அவன்கிட்ட என் பாக்கியையும் ஞாபகப்படுத்து" என்றபடி அவர் உருண்டையைக் குவியலில் எறிந்தார்.