அம்முச்சியின் சல்லடையும் பன்னிரண்டு குடமும்

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குக் கொடுமுடிப் பக்கம் அம்மாவைப் பெற்ற அம்முச்சி வீட்டுக்கு வந்த மகிழினிக்கு, மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கொல்லைப்புறத்திலிருந்து மெதுவாக நடந்து வந்து, அம்முச்சியின் காதோரம் குனிந்தாள்.

"அம்முச்சி, ஒன்று சொன்னால் திட்ட மாட்டீர்களே?"

"சொல்லு கண்ணு."

"ஒன்றுக்குப் போனேன். மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போல அடர்த்தியாகப் போகிறது."

அம்முச்சி திண்ணையில் உட்கார்ந்து கம்பு மாவு சலித்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போட்ட செவிலியர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது நோவு என்று வந்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்பார்.

"காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய், சாமி?"

மகிழினி யோசித்தாள். எழுந்ததும் பால். அப்புறம் தம்பி வெற்றியோடு களத்தில் பட்டம். வெயில் உச்சிக்கு வரும்வரை பட்டம்தான்.

"அரை டம்ளர் இருக்கும், அம்முச்சி."

அம்முச்சி சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். "உட்கார்ந்து மெதுவாகக் குடி. உன் முதுகுக்குள் இரண்டு பேர் காலையிலிருந்து தண்ணீருக்குத் தவிக்கிறார்கள்."

மகிழினி திரும்பித் தன் முதுகைப் பார்க்க முயன்றாள். எப்படித் தெரியும்?

அம்முச்சி அவள் முதுகில், விலா எலும்புகள் முடியும் இடத்தில், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்தார். "இங்கே ஒன்று, இங்கே ஒன்று. இவைதாம் சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் உன் கையை மூடினால் வருகிற அளவு இருக்கும். வடிவம் எப்படித் தெரியுமா?" அடுக்குப் பானையிலிருந்து ஒரு பிடி தட்டைப்பயறை அள்ளிவந்து, ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் குழிந்து, செம்பழுப்பு நிறத்தில் பளபளத்தது. "இதையே பெரிதாக்கினால் அதுதான்."

பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வெற்றியும் வந்து ஒட்டிக்கொண்டான்.

அம்முச்சி ஒரு கிண்ணத்தில் மீதிப் பயறைக் கொட்டினார். அதன்மேல் ஒரு பிடி நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் தூள் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். எல்லாவற்றையும் கலந்தார்.

"இதுதான் உங்கள் இரத்தம். பயறு என்பது சிவப்பணு. சர்க்கரையும் உப்பும் உடம்புக்கு வேண்டியவை. மஞ்சள் தூளைக் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிட்ட பருப்பும் முட்டையும் உடம்புக்குள் வேலை செய்து முடித்தபின் யூரியா என்று ஒரு கழிவு மிஞ்சும். அது இரத்தத்திலேயே தங்கிவிடக் கூடாது. இப்போது சலி."

மகிழினி கலவையைச் சல்லடையில் கொட்டி அசைத்தாள். சரசரவென்று தூளெல்லாம் கீழே இறங்கியது. பயறு மட்டும் மேலே துள்ளிக்கொண்டிருந்தது.

"சிவப்பணு தப்பித்துவிட்டது!" என்றான் வெற்றி.

"ஆமாம். அது பெரியது, ஓட்டை சிறியது. சிறுநீரகத்துச் சல்லடையின் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. அந்தச் சல்லடையும் கம்பியால் ஆனது இல்லை. முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். இரத்தம் அதற்குள் அழுத்தத்தோடு பாயும்போது தண்ணீரும் சிறு பொருள்களும் வெளியே கசியும். ஒரு சல்லடையும் அதோடு சேர்ந்த குழாயும் சேர்ந்தால் ஒரு நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் அப்படி ஏறக்குறைய 10 லட்சம்."

மகிழினி அதைக் கேட்கவில்லை. கீழே விழுந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடிவிட்டது.

"அம்முச்சி, கழிவோடு சர்க்கரையும் உப்பும் போய்விட்டதே! அது நல்லதுதானே?"

குழந்தைகளே, மகிழினி கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! நம் வீட்டுச் சல்லடைக்கு அளவு மட்டும்தான் தெரியும். எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. சிறுநீரகத்துச் சல்லடையும் அப்படியேதான்.

அம்முச்சி எழுந்தார். "வாருங்கள், தொட்டிக்குப் போவோம். குடத்தை எடு."

அது 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம். தண்ணீர்த் தொட்டியில் மொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த மாட்டுத் தாழிக்கு மாற்றச் சொன்னார். மகிழினியும் வெற்றியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவது குடத்தில் வெற்றிக்கு மூச்சு வாங்கியது. மீதியை அம்முச்சி தூக்கினார். பன்னிரண்டாவது குடம் ஊற்றியபோது தாழி விளிம்பைத் தொட்டுவிட்டது.

"180 லிட்டர். உங்கள் அம்மாவைப் போல வளர்ந்தவர்கள் உடம்பில் ஒரு நாளைக்கு இவ்வளவு நீரைச் சல்லடை வெளியே விடுகிறது."

"உடம்பில் இருக்கிற இரத்தம் எவ்வளவு?"

"ஏறக்குறைய 5 லிட்டர்."

மகிழினி கண்ணை விரித்தாள். 5 லிட்டரிலிருந்து 180 எப்படி வரும்? வெற்றிக்கு வேறு கவலை. "அப்படியென்றால் அம்மா நாள் முழுக்க ஒன்றுக்கே போய்க்கொண்டிருக்க வேண்டுமே!"

அம்முச்சி பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார். மஞ்சள் செடிகள் இடுப்பளவு நின்றன. அதைத் தாண்டினால் காலிங்கராயன் வாய்க்கால். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடுகிற வாய்க்கால் அது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டியது என்று ஊரில் கதை சொல்வார்கள். அவ்வளவு வளைவு.

"நேராக ஓடினால் தண்ணீர் சீக்கிரம் ஆற்றுக்குப் போய்விடும். வளைந்து போவதால்தான் இத்தனை வயலும் அதைத் தொட முடிகிறது. பார், அந்த மடை வழியாக மஞ்சளுக்குப் போகிறது, இந்த மடை வழியாகக் கரும்புக்கு. சல்லடைக்குக் கீழே இருக்கிற குழாயும் இதேபோல வளைந்து நெளிந்த வாய்க்கால்தான். அதை ஒட்டியே இரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும். போகிற வழியில் சர்க்கரை முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். உப்பை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் 100 பங்குக்கு 99 பங்கு இரத்தத்துக்கே திரும்பிவிடும். திரும்பிய நீர் மறுபடி சுற்றிவந்து மறுபடி சல்லடைக்குள் போகும். 5 லிட்டர் 180 ஆனது அப்படித்தான்."

"யார் திரும்பப் போக மாட்டார்கள்?"

"யூரியாவில் ஏறக்குறைய பாதியும் மிச்சத் தண்ணீரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கும்."

மகிழினி ஒரு கூழாங்கல்லை வாய்க்காலில் போட்டாள். "அப்போது எனக்கு ஏன் அடர் மஞ்சளாகப் போனது?"

"பழைய சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டாகும். அதுதான் சிறுநீருக்கு நிறம். நீ வெயிலில் வியர்த்துக் கொட்டினாய், தண்ணீர் குடிக்கவில்லை. உடனே மூளை சேதி அனுப்பியது: தண்ணீர் குறைகிறது, ஒரு சொட்டையும் வீணாக விடாதே! சிறுநீரகமும் தண்ணீரை இறுக்கிப் பிடித்து இரத்தத்துக்கே திருப்பிவிட்டது. அதே மஞ்சள், கொஞ்சம் தண்ணீரில் கரைந்தால்?"

"அடர்த்தியாகத் தெரியும்!"

"அவ்வளவுதான், சாமி."

திரும்பி வந்ததும் மகிழினி இன்னொரு சொம்பு குடித்தாள். வெற்றியும் போட்டிக்குக் குடித்தான். தாழி நிறைந்திருந்ததைப் பார்த்து எருமை மட்டும் மிகுந்த மகிழ்ச்சியோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

இரவு பாயில் படுத்தபோது மகிழினி முதுகில் கை வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. "தூங்கிவிட்டதா, அம்முச்சி?"

"அது தூங்காது, கண்ணு. நீ தூங்கு."

விடிந்தும் விடியாத நேரம். கொல்லைப்புறத்திலிருந்து வெற்றியின் குரல்தான் முதலில் வந்தது.

"அம்முச்சி! எனக்குக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் போகிறது!"

உள்ளே மகிழினி ஏற்கெனவே சொம்போடு பானைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.