பள்ளிக்கு பெஞ்சு, டெஸ்க் செய்து தர வேண்டி

அனுப்புநர்:
இரா. கலாமணி, தலைமையாசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
புங்கமரத்துவலசு, கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

10.03.2025

பெறுநர்:
திரு. முருகேசன் ஆசாரியார்,
மரப்பட்டறை, மாரியம்மன் கோயில் வீதி, புங்கமரத்துவலசு.

ஆசாரியாருக்கு வணக்கம்.

சனிக்கிழமை நீங்கள் வந்து மரத்தைப் பார்த்தபோது பேசியதைத்தான் இப்போது எழுத்தில் தருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது. பணம் முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்தது என்பதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் கணக்குக் காட்ட வேண்டும்.

மொத்தம் 16 ஜோடி வேண்டும். ஒரு ஜோடி என்றால் ஒரு பெஞ்சு, ஒரு டெஸ்க். ஒவ்வொன்றிலும் மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள், நீளம் 5 அடி. இதில் 6 ஜோடி ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு. 10 ஜோடி மூன்று முதல் ஐந்து வரை.

உயரத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். டேப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நானே அளந்தேன். சின்னவர்களுக்கு 11, 12 அங்குலம், பெரியவர்களுக்கு 13, 14. அதனால் சின்ன பெஞ்சு 12 அங்குல உயரம், அதன் டெஸ்க் 21. பெரிய பெஞ்சு 14, டெஸ்க் 24. “எல்லாத்தையும் ஒரே அளவாப் போட்டா வேலை சுருக்கா முடியுமுங்க டீச்சர்” என்றீர்கள். முடியும்தான். ஆனால் கால் தரையில் படாமல் தொங்கினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடும், அப்புறம் பாடம் எங்கே நடத்துவது?

பெஞ்சுப் பலகை 10 அங்குல அகலம், இழைத்த பிறகு ஒன்றேகால் அங்குல கனம். டெஸ்க் பலகை 12 அங்குல அகலம், ஒரு அங்குல கனம். பிள்ளைகள் பக்கம் ஒரு அங்குலம் சரிவு, பென்சில் உருளாமல் இருக்க மேல் ஓரத்தில் ஒரு பள்ளம். கால்கள் இரண்டரைக்கு இரண்டரை அங்குலம். இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட நேர்ந்தால் இடைவெளி விழக் கூடாது. பாவாடை மாட்டிக் கிழிந்து அழும் பிள்ளையைச் சமாதானம் செய்வது உங்கள் வேலையல்ல, என் வேலை.

பலகைக்கு, ஐப்பசிக் காற்றில் விழுந்த தோட்டத்து வேம்பு இருக்கிறது. கார்த்திகையில் மில்லில் அறுத்தது, 18 கன அடி, பள்ளித் தாழ்வாரத்து நிழலில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறோம். நன்றாக உலர்ந்துவிட்டது என்று நீங்களே தட்டிப் பார்த்துச் சொன்னீர்கள். வெளிறு உள்ள ஓரங்களைக் கழித்துவிடுங்கள், கணக்குப் பார்க்க வேண்டாம். கால், சட்டங்களுக்கான மரம் உங்கள் பொறுப்பு. அதுவும் வேம்பாகவோ வாகையாகவோ இருக்கட்டும், வைரம் பாய்ந்த கட்டையாக. மாமரம் வேண்டவே வேண்டாம். முன்பு வேறு ஓரிடத்தில் வாங்கிய பெஞ்சுகளில் இரண்டே வருடத்தில் உளு விழுந்து, தினமும் காலையில் மாவு கூட்டி அள்ளினோம்.

சட்டங்களைத் துளையில் செருகி மூங்கில் ஆப்பு அடித்துவிடுங்கள். ஆணி போட்டே ஆக வேண்டிய இடத்தில் தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். மூலைகளை உருட்டி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ். வகுப்பைக் கழுவிவிடுவோம் என்பதால் காலடியில் தார் பூச்சு.

ஜோடிக்கு 3,200 ரூபாய் வீதம் மொத்தம் 51,200. கால் மரம், வார்னிஷ், கூலி, வண்டி வாடகை எல்லாம் இதில் அடக்கம். முன்பணம் 15,000க்கான காசோலை இத்துடன் இருக்கிறது. பாதி வந்ததும் 15,000, முழுவதும் வந்து பார்த்த பிறகு மீதி 21,200. ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட ரசீது வேண்டும்.

மார்ச் 28க்குள் சின்னது ஒன்று, பெரியது ஒன்று மாதிரிக்குச் செய்து கொண்டுவாருங்கள். பரீட்சை தொடங்குவதற்குள் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகே மற்றவற்றை அறுங்கள். ஏப்ரல் 26க்குள் மாதிரியையும் சேர்த்து எட்டு ஜோடி, மே 24 சனிக்கிழமைக்குள் மீதி எட்டு. நோம்பிக்குப் பூச்சாட்டினால் ஒரு வாரம் பட்டறை திறக்க மாட்டீர்கள், வைகாசி முகூர்த்தத்துக்குக் கட்டில், பீரோ வேலையும் வந்து நிற்கும். இதையெல்லாம் கழித்துத்தான் நாள் குறித்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடும், மே 24ஐத் தாண்டினால் எனக்குச் சமாளிக்க வழியில்லை. ஒரு வருடத்துக்குள் ஆட்டம் கண்டாலோ பலகை வெடித்தாலோ கூலி இல்லாமல் சரிசெய்து தருவதாகச் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சம்மதம் என்றால் இதன் நகலில் கையெழுத்திட்டு, கடிதம் கொண்டுவரும் சத்துணவு அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். மரத்தை எடுக்க மாலை நான்கு மணிக்கு மேல் வண்டி வரட்டும், அதற்குமுன் தாழ்வாரத்தில் பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
இரா. கலாமணி
தலைமையாசிரியை

பி.கு.: கழிவாக விழும் துண்டுகளை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். கரும்பலகை துடைக்கும் டஸ்டருக்கு ஆறு கட்டை வேண்டும்.