எங்கள் பங்குத்தந்தைக்குப் பிரியாவிடை

தோத்திரம் சாமி.

பங்குப் பேரவைப் பெரியவர்களே, மாரியம்மன் கோவில் தெருவிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, மறைக்கல்விப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

என்னைப் பேசச் சொன்னபோது, சாமியிடம் முதலில் மன்னிப்புக் கேட்க அனுமதித்தால் பேசுகிறேன் என்றேன். அனுமதித்தார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் யாங்கூனுக்கு வந்தபோது, இந்த ஊரிலிருந்து இரண்டு லாரிகளில் கியாய்க்கசான் மைதானத்துக்குப் போனோம். இரவு முழுவதும் தூங்காமல் காத்திருந்து, விடிந்ததும் திருப்பலி கண்டு திரும்பினோம். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் எங்கள் பழைய பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்தது. அடுத்து வருபவர் கரேன் இனத்தவர், தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது என்று செய்தி. தமிழ்ச் சாமியாரே வேண்டும் என்று பேராயருக்கு மனு எழுதினோம். அந்த மனுவில் நாற்பத்தொரு கையெழுத்து. ஏழாவது கையெழுத்து என்னுடையது. இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன் சாமி, எங்களை மன்னித்துவிடுங்கள்.

அந்த மனுவுக்குப் பின்னால் இருந்தது பயம்தான். 1965இல் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த நாட்டில் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ளக் கோவிலும் தேவாலயமும் வீட்டுத் திண்ணையும் தவிர வேறு இடம் இல்லாமல் போனது. என் தலைமுறை பாதி கற்றது. என் பிள்ளைகளின் தலைமுறை பர்மிய எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதிவைத்துப் பாடுகிறது. பூசையிலும் தமிழ் நின்றுவிட்டால் அப்புறம் எங்கே கேட்பது? அதுதான் எங்கள் கவலை.

சாமி வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுப் படியில் ஏறினார். கையில் ஒரு நீல அட்டை நோட்டு. என் அம்மாவிடம் பர்மிய மொழியில், “அம்மா, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பீர்களா?” என்று கேட்டார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. சிரிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து, ஒரு படி அரிசியைக் கொட்டிப் பரப்பி, சாமியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார். குருக்களின் கையைப் பிடிக்கலாமா என்று நான் பதறினேன். “படிக்க வந்தவர் பிள்ளைதான்” என்றார் அம்மா.

அதன் பிறகு நெல் அறுப்புக் காலம் நீங்கலாக வாரம் மூன்று மாலை. சொல்லின் கடைசி மெய்யெழுத்து சாமியின் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ‘கடவுள்’ என்பது ‘கடவு’ ஆகிவிடும். அம்மா விடமாட்டார். “முடித்துச் சொல்லுங்கள் சாமி, ஆண்டவர் பெயரைப் பாதியில் விடக்கூடாது” என்பார். ழகரத்துக்கு மட்டும் எட்டு மாதம் ஆனது. பர்மிய எழுத்தில் அதற்கு எழுத்து இல்லை என்பதால் நோட்டில் சாமி தாமாகவே ஓர் அடையாளம் போட்டிருந்தார், வளைந்த நாக்கு மாதிரி ஒரு கோடு. அந்த நோட்டில் வெற்றிலைக் கறை படிந்த பக்கங்களெல்லாம் அம்மா புரட்டிய பக்கங்கள்.

இரண்டாம் வருடத் தவக்காலத்தில் சாமி முதன்முறையாகத் தமிழில் மறையுரை வைத்தார். நான்கு நிமிடம் இருக்கும். அன்று முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

ஆனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம்தான் அது வேலை செய்தது. தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், கரேன் சாமியார் ஒருவர் தங்களோடு சனிக்கிழமை வகுப்பில் பெஞ்சில் அமர்ந்து ‘ஔவை’ என்று எழுதிப் பார்ப்பதைக் கண்டார்கள். ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பில் இன்று பத்தொன்பது பேர். அவர்களில் ஆறு பேர் கோவில் தெருப் பிள்ளைகள். அவர்களைச் சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு, “எழுத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை” என்று சாமி சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. போன ஞாயிறு முதல் வாசகம் வாசித்த பெண் பிள்ளைக்குப் பதினொரு வயது. தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தே வாசித்தாள்.

2021 ஜூலை மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு நாடெங்கும் வரிசையில் நின்ற மாதம் அது. என் அம்மா அந்த மாதம்தான் போனார். கல்லறைத் தோட்டத்துக்கு நான்கு பேர்தான் போனோம். மழை. சாமி பிளாஸ்டிக் அங்கியும் இரண்டு முகக்கவசமும் போட்டிருந்தார். அடக்கச் சடங்கு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ‘பிரியதத்தத்தினாலே’ என்று தொடங்கும் பழைய மங்கள வார்த்தை ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னார். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னார், அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். ‘வாழ்க’ என்ற சொல்லில் அந்த ழகரம் தெளிவாக வந்தது. சாமி, அன்று உங்களிடம் நான் நன்றி சொல்லவில்லை. வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

2025 மார்ச் 28, தவக்கால வெள்ளி. மதியம் நிலநடுக்கம். மண்டலேயும் சகாயிங்கும் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நமக்கு வந்தது சிறியது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு விரிசல், மணிக்கூண்டில் நான்கு செங்கல். ஆனாலும் அன்று மாலை ஒருவரும் உள்ளே கால் வைக்கத் துணியவில்லை. சாமி பதினான்கு தலங்களையும் முற்றத்துத் தென்னை மரங்களில் மாட்டி, சிலுவைப் பாதையை வெளியிலேயே நடத்தினார். அடுத்த வாரம் மண்டலேக்கு அரிசி சேர்த்தபோது கோவிலும் தேவாலயமும் தனித்தனியாகச் சேர்க்கவில்லை. ஒரே வண்டிதான் போனது.

இனி நீங்கள் போகிற இடம் உங்கள் தாய்மொழி பேசுகிற கிராமங்கள். எட்டு வருடம் மற்றவர் மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்ட உங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். அந்த மக்கள் கொடுத்துவைத்தவர்கள். பாதை எல்லா நாளும் திறந்திருக்காத பக்கம் என்பதால் எங்களுக்குப் பயம் உண்டு. தினமும் இரவு ஜெபமாலையில் ஒரு பத்துமணி உங்களுக்காக. பேரவையில் எழுதியே வைத்துவிட்டோம். பிப்ரவரியில் நியாங்லேபின் மாதா திருவிழாவுக்கு இரண்டு பஸ் பேசியிருக்கிறோம். முடிந்தால் அங்கே வாருங்கள்.

எங்கள் அன்பளிப்பு இந்த முறம். அம்மாவுடையதுதான். விளிம்பை மட்டும் புதுப் பிரம்பால் கட்டியிருக்கிறோம். பதிலுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வரும் ஞாயிறு வருகிற புதிய சாமி கச்சின் இனத்தவர், அவருக்கும் தமிழ் தெரியாது. இந்த முறை யாரும் மனு எழுதவில்லை. அந்த நீல நோட்டை மட்டும் அவருக்காக விட்டுப்போங்கள். அரிசியும் வேறொரு முறமும் என் வீட்டில் தயாராக இருக்கிறது.

வண்டி காலை ஐந்து மணிக்கு. புளிச்சோறும் துவையலும் வாழை இலையில் கட்டி, முன் இருக்கைக்கு அடியில் வைத்திருப்போம். பெகு தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். போய் வாருங்கள் சாமி.