சிவப்பு மூடி

ராத்திரி எட்டரை மணிக்கு வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இன்சுலின் குப்பி காலி. ஸ்டோர் காலையில்தான் திறக்கும். பெண்கள் மெடிக்கல் வார்டில் அன்று அறுபதுக்கு மேல் நோயாளிகள், சிஸ்டர் ஒருவர், ஹவுஸ் சர்ஜன் நான் ஒருத்தி. 17-ஆம் படுக்கை அம்மா காலில் புண்ணோடு வந்தவர், சுகர் 312, சாப்பாட்டுக்கு முன்னால் 12 யூனிட் போட வேண்டும். பக்கத்து வார்டில் கேட்டு வாங்கிவரக் கிளம்பினேன். அதற்குள் அவருடைய மருமகள் செல்வி கூடையிலிருந்து ஈரத்துணி சுற்றிய ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்.

"வெளியில காட்டினப்போ வாங்கினது டாக்டரம்மா. இதும் அதே மருந்துதானே?"

பெயரைப் பார்த்தேன். அதே மருந்துதான். ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, 12-ஆம் கோடு வரைக்கும் இழுத்து, போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

பெயரை மட்டும்தான் பார்த்தேன்.

பன்னிரண்டே காலுக்கு செல்வி ஓடிவந்தார். "அத்தை என்னென்னமோ உளர்றாங்க, சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு." விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 36. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, நரம்பு வழியாக. என் கை நடுங்கியது, சிஸ்டர்தான் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து, "ஆட்டைக் கட்டினியா செல்வி?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அந்த நிம்மதியில் நான் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "ராத்திரி எத்தனை இட்லி சாப்பிட்டாங்க?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

வராந்தாவில் படுத்திருந்த மகன் அதற்குள் வந்து நின்றிருந்தார். என் கேள்வி அவருக்குப் போதுமானதாக இருந்தது. "மூணாவது இட்லி ஊட்ட முடியலையா ஒனக்கு? எங்கம்மா போய்ச் சேரட்டும்னு இருக்கியா?" வார்டே எழுந்து பார்த்தது. செல்வி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்பவும் 58. டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறது. 12 யூனிட்டுக்கும் ஒரு இட்லி குறைந்ததற்கும் இது அதிகம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ட்ரேயிடம் போனேன். குப்பியைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மில்லிக்கு 100 யூனிட்.

வார்டில் நாங்கள் வைத்திருப்பது மில்லிக்கு 40 யூனிட் குப்பி. சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் அதற்காகப் போட்டவை. அதில் 12-ஆம் கோடு என்றால் 0.3 மில்லி. இந்தக் குப்பியிலிருந்து 0.3 மில்லி எடுத்தால் அது 30 யூனிட். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேண்டும். வைவாவில் இதே கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவள் நான்.

மேல்படிப்பு படிக்கும் டாக்டர், பி.ஜி. அண்ணாவைப் போய் எழுப்பினேன். கேட்டவுடன் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எழுந்து வந்து, டெக்ஸ்ட்ரோஸை 10 சதவீதத்துக்கு மாற்றி, மணிக்கு ஒருமுறை சுகர் பார்க்கச் சொல்லி, பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேஸ் ஷீட்ல உள்ளதை உள்ளபடி எழுது. அதுல பொய் கூடாது. ஆனா அவங்ககிட்ட இப்ப சொல்லாதே. காலைல சீஃப் வரட்டும், அவர் பேசட்டும்."

"அந்த அக்காவைத் திட்டிட்டே இருக்காருண்ணா."

"2024 நவம்பர்ல கிண்டியில ஒரு டாக்டரை நோயாளியோட மகன் கத்தியால குத்தினானே, மறந்துட்டியா? இப்ப நடு ராத்திரி, நம்ம வாசல்ல ஒரே ஒரு வாட்ச்மேன். அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. யாருக்காக இப்பவே சொல்லணும்?"

அவர் சொன்னது பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஐந்து வருடமாக இந்த வராந்தாக்களில் அடிவாங்காமல் நின்றவர் அவர். என் மேல் அக்கறை இல்லாமல் சொல்லவும் இல்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். மருத்துவர்களைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்கிற 2008-ஆம் வருடச் சட்டத்தின் போர்டு வாசலில் மாட்டியிருக்கும், அதைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று படித்தேன். இன்டர்ன்ஷிப் முடிய நாலு மாதம் இருந்தது. ஊரில் அப்பா என்னை டாக்டர் என்று சொல்லித்தான் யாரிடமும் அறிமுகப்படுத்துவார். எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. காலையில் சீஃப் சொல்லட்டும், நாம் பக்கத்தில் நின்றால் போதும்.

மூன்று மணி சுகர் பார்க்கப் போனேன். 94. செல்வி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிஃபன் பாக்ஸ், மூடியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே அந்த மூன்றாவது இட்லி, காய்ந்துபோய். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நான் வற்புறுத்தித்தான் ஊட்டியிருக்கணும் டாக்டரம்மா, இல்லையா?" என்றார்.

விடிய இன்னும் மூன்று மணி நேரம். இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, பார்ப்போம் என்றும் சொல்ல முடியாது.

"உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கக்கா" என்றேன்.

வராந்தாவில் வைத்துச் சொன்னேன். யோசித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "அம்மாவுக்கு சுகர் இறங்கினது நான் போட்ட ஊசியால. நீங்க குடுத்த குப்பியில மருந்து கெட்டி, அதுக்கு வேற சிரிஞ்ச். நான் லேபிளைச் சரியாப் பாக்காம இதுலயே எடுத்தேன். 12 யூனிட்டுக்குப் பதிலா 30 போயிடுச்சு. தப்பு என்னோடது. இப்ப சுகர் 94, காலைல வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்து மணிக்கு மணி பாக்குறேன்."

மகனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "கொன்னுருப்பியேம்மா" என்றார். முதலில் மெதுவாக, அப்புறம் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. ஒரு அடி முன்னால் வந்தார். வாட்ச்மேன் எழுந்தார். பி.ஜி. அண்ணா எப்போது வந்தார் என்று தெரியாது, என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், எதுவும் பேசவில்லை.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இட்லியால இல்லையா?"

"இல்லைக்கா. ஒரு இட்லியால இவ்வளவு இறங்காது."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மகனின் சத்தம் நின்றது. பிறகு என்னிடம், "இப்ப சொன்னதை எழுதிக் குடு" என்றார், குரலை இறக்கி. ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதாகச் சொன்னேன். அது போதாது, சீஃபிடமே புகார் கொடுப்பேன் என்றார். காலையில் கொடுக்கவும் செய்தார். சீஃப் அறையில் முக்கால் மணி நேரம் நின்றேன், எனக்கு மெமோ வந்தது, அதற்கு விளக்கம் எழுதினேன். வெளியிலிருந்து வரும் இன்சுலினை ட்ரேயில் வைக்கக்கூடாது என்று அன்றைக்கே வார்டில் சொன்னார்கள்.

காலை டோஸைப் போடவில்லை. மதியம் சுகர் 240-ஐத் தாண்டியதும் 6 யூனிட் என்று எழுதினார்கள். என் டியூட்டி முடிந்திருந்தது, ஆனாலும் போகவில்லை. ஸ்டோரிலிருந்து வந்த புதுக் குப்பியை எடுத்துக்கொண்டு 17-க்குப் போனேன். மகன் என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். அந்த அம்மா, நடந்தது எதுவும் ஞாபகமில்லாமல், வயிற்றுச் சேலையை விலக்கிக் கொடுத்தார்.

"இருங்க" என்றார் செல்வி. கையை நீட்டினார். குப்பியைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை அதன் மேல் வைத்து, சத்தமாகப் படித்தார்.

"நாப்பது."

சிரிஞ்சையும் காட்டினேன். சிவப்பு மூடி. அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போடுங்க."