வைப்பு வரம்பைக் குறைக்கவும் ஆறு வார இடைவேளைக்கும் விண்ணப்பம்

அனுப்புநர்: செ. முகிலன், கணக்கு எண் 40718265
பெறுநர்: வாடிக்கையாளர் பாதுகாப்புப் பிரிவு
நாள்: 3 மார்ச் 2025
பொருள்: வைப்பு வரம்பைக் குறைத்தல், கணக்கை ஆறு வாரங்களுக்கு நிறுத்தி வைத்தல்

அன்புடையீர்,

என் பந்தயக் கணக்கின் வைப்பு வரம்பு இப்போது மாதத்துக்கு 4,000. அதை எடுத்துவிட்டு, எந்த 24 மணி நேரத்திலும் 50, எந்த ஏழு நாட்களிலும் 100 என்று இரண்டு வரம்புகளை வையுங்கள். இரண்டில் எது முதலில் எட்டப்படுகிறதோ அது என்னைத் தடுக்கட்டும். அத்துடன், இக்கடிதம் உங்களுக்குக் கிடைத்த நேரத்திலிருந்து ஆறு வாரங்களுக்கு நான் பணம் போடவோ பந்தயம் கட்டவோ முடியாதபடி கணக்கை நிறுத்தி வையுங்கள். இடைவேளை முடிந்து கணக்கு திறக்கும்போது புதிய வரம்புகள் அப்படியே இருக்க வேண்டும்.

கோரிக்கை இவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் செயலியில் வார வரம்புக்கான அளவுகோல் 250-க்குக் கீழே நகர மறுக்கிறது. இடைவேளைக்கோ ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற மூன்று தேர்வுகள்தான் இருக்கின்றன; எழுதிக் கேட்டால் ஆறு வாரம் வரை தரப்படும் என்று உதவிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வரம்பை உயர்த்தும் பொத்தான் பணம் போடும் பக்கத்திலேயே கட்டைவிரலுக்கு எட்டுகிறது. குறைக்க வேண்டுமென்றால் அமைப்புகள், கணக்கு, பாதுகாப்பு, கூடுதல் தேர்வுகள் என்று ஒவ்வொரு கதவாகத் தாண்டிப் போக வேண்டும். நானும் பொறியாளன் என்பதால் சொல்கிறேன்: இதை அமைத்தவர் கைதேர்ந்தவர், தற்செயலாக இப்படி அமையாது.

அரட்டைப் பிரிவிலும் கேட்டுப் பார்த்தேன். “எங்கள் சேவையில் ஏதேனும் குறையா?” என்று விசாரித்த ஊழியர், நான் பதில் தட்டி முடிப்பதற்குள் என் கணக்கில் ஓர் இலவசப் பந்தயத்தை வரவு வைத்துவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த இலவசப் பந்தயத்தை மட்டும் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பரிவர்த்தனைப் பட்டியலை உங்கள் தளத்திலிருந்தே இறக்கி, நேரவாரியாக வரைபடமாக்கிப் பார்த்தேன். மொத்தத் தொகையைவிட அது விழுந்திருந்த விதம்தான் யோசிக்க வைத்தது. மாலையில் போடும் முதல் வைப்பு சிறியது. அது தீர்ந்த சில நிமிடங்களில் இரண்டாவது வருகிறது, முதலாவதைவிடப் பெரிதாக. மூன்றாவது இருந்தால் அது இரண்டையும் விழுங்கும் அளவில் இருக்கிறது. பெரும்பாலானவை இரவு பதினொன்றுக்கு மேல், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே போடப்பட்டவை. விட்டதைப் பிடிக்கும் ஆட்டம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைக் காட்டலாம். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு மாத வரம்பு பயன்படாது. ஒரே இரவில் மாதம் முழுவதற்குமான தொகையைப் போட அது அனுமதிக்கும். போட்ட பிறகுதான் தடுக்கும்.

நாள் வரம்பு என்று மட்டும் சொல்லாமல் ‘எந்த 24 மணி நேரத்திலும்’ என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் நாள் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. 11.55-க்கு ஒரு 50, 12.05-க்கு இன்னொரு 50 என்று பத்து நிமிடத்தில் இரண்டு நாள் வரம்பையும் தீர்த்துவிடலாம். நான் பணம் போடும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஒவ்வொரு புதிய வைப்பின்போதும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத்தைக் கணக்கிடும் வரம்பு வேண்டும், வாரத்துக்கும் அப்படியே. உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், 24 மணி நேர வரம்பை விட்டுவிட்டு வாரத்துக்கு 50 என்று வைத்துவிடுங்கள். வசதி இல்லை என்ற பதிலோடு விண்ணப்பம் திரும்பி வர வேண்டாம்.

வரம்பு கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும், அட்டைக்கு உரியதாக அல்ல. வங்கி அட்டை, மின்பணப்பை, வங்கிப் பரிமாற்றம் என்று எந்த வழியில் வந்தாலும் ஒரே கூட்டுத்தொகையில் சேர வேண்டும். விளையாட்டுப் பந்தயம், கேசினோ இரண்டும் ஒரே இருப்பிலிருந்துதான் பணம் எடுக்கின்றன. இடைவேளையும் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். உங்கள் நிறுவனம் வேறு பெயர்களில் நடத்தும் தளங்களில் எனக்குக் கணக்கு இல்லை. இந்த ஆறு வாரத்தில் அங்கே ஒன்று திறக்க முயன்றால் அதையும் மறுத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்ததால்தான் இந்த எண்களுக்கு வந்தேன். இரு பக்கமும் 1.90 என்று, அதாவது 1 கட்டி வென்றால் 1.90 திரும்பும் என்று, நீங்கள் விலை வைக்கும் பந்தயத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் 52.63 சதவீத வாய்ப்பு என்று ஆகிறது; கூட்டினால் 105.26. நூறுக்கு மேல் இருப்பதிலிருந்துதான் உங்கள் லாபம் வருகிறது. இரு பக்கமும் சம வாய்ப்பாக இருந்தால், கட்டும் ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 5 போகும். இதில் மறைக்க எதுவுமில்லை, நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து சதவீதம் வைப்புத்தொகையின்மீது விழுவதில்லை, சுழற்சியின்மீது விழுகிறது. 100 போட்டு, வென்றதைத் திரும்பத் திரும்பக் கட்டி 2,000 அளவுக்குச் சுழற்றினால், சராசரியாகப் போட்ட 100-ம் காலி. ஐந்து ஆட்டங்களைச் சேர்த்து, ஐந்திலும் வென்றால்தான் பணம் என்று கட்டும் கூட்டுப் பந்தயத்தில் நிலைமை இன்னும் மோசம்: நியாயமான விலை 32, நீங்கள் தருவது 24.76. நூறுக்கு ஏறத்தாழ 23 அங்கேயே கழிந்துவிடுகிறது. வாரக் கடைசியில் எனக்கு வரும் ‘சிறப்புச் சலுகை’ எல்லாம் கூட்டுப் பந்தயத்துக்காகவே இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10-இல் தொடங்கி ஏழு முறை தோற்றால் 1,270 போயிருக்கும். எட்டாவது பந்தயம் 1,280. அதில் வென்றால் விட்டதெல்லாம் வந்துவிடும் என்பது அலுவலகத் தேநீர் இடைவேளைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். 1.90 விலையில், கட்டிய 1,280 போக அந்த வெற்றி தருவது 1,152. வென்ற பிறகும் 118 பாக்கி! 4,000 வரம்பு இந்த ஏணியின் எட்டாம் படி வரை என்னை ஏற்றிவிடும். 50 வரம்பு மூன்றாம் படியிலேயே இறக்கிவிடும். வைப்பு வரம்பு வென்ற பணத்தைத் திரும்பக் கட்டுவதைத் தடுக்காது என்பது எனக்குத் தெரியும். என் சம்பளத்திலிருந்து போவதை அது தடுக்கிறது, அது போதும்.

ஆறு வாரம் என்பதும் அப்படிக் கணக்கிட்டதுதான். என் வைப்புகள் சம்பளம் வந்த முதல் சில நாட்களில்தான் குவிகின்றன. ஒரு மாத இடைவேளை எடுத்தால், அடுத்த சம்பளம் கைக்கு வந்த அதே வாரத்தில் கணக்கு திறந்து நிற்கும். ஆறு வாரம் என்றால் ஒரு சம்பள நாள் முழுதாகக் கடந்து, மாத நடுவில் திறக்கும். அப்போது என் வாடகையும் கல்விக்கடன் தவணையும் போயிருக்கும்.

இருப்பில் உள்ள 312-ஐ நான் பணம் போட்ட அதே அட்டைக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். பணம் எடுக்க விண்ணப்பித்தால் இரண்டு நாள் ‘பரிசீலனையில்’ கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே ‘ரத்து செய்து விளையாடு’ என்று பச்சைப் பொத்தான் ஒளிர்கிறது. இந்த முறை அந்தப் பொத்தான் எனக்குத் தெரியவே கூடாது. முடிவு தெரியாத ஒரு பந்தயம் இன்னும் இருக்கிறது, தொடர் இறுதி ஆட்டம் பற்றியது. அது தன்போக்கில் முடியட்டும். ஏதாவது வந்தால் அதையும் அட்டைக்கே அனுப்புங்கள். முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் விலை எதையும் காட்ட வேண்டாம்.

இடைவேளையில் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, செயலி அறிவிப்பு, தொலைபேசி அழைப்பு எதுவும் வேண்டாம். உங்கள் சார்பாக விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களிடமிருந்தும் என் எண்ணை நீக்குங்கள். ‘மீண்டும் வரவேற்கிறோம்’ போனஸ் ஆறாவது வாரத்தின் மறுநாள் வந்து சேரும் என்று நினைக்கிறேன். அதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான பகுதி. நான் வேலை பார்க்கும் ஆலையில் அழுத்தம் வரம்பைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த யார் அனுமதியும் வேண்டியதில்லை. பணியில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பாதுகாப்பை முடக்கத்தான் இன்னொருவர் கையெழுத்தும் காத்திருப்பும் வேண்டும். என் கணக்கையும் அப்படி வையுங்கள். வரம்பைக் குறைப்பது உடனே நடக்கட்டும். உயர்த்தச் சொல்லி நான் கேட்டால், ஏழு நாள் கழித்து, பகல் நேரத்தில், அதே கோரிக்கையை நான் மறுபடியும் எழுதி உறுதிப்படுத்திய பிறகே செய்யுங்கள். இடைவேளையைப் பாதியில் முடிக்கச் சொல்லி எழுதினால், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், இக்கடிதத்தின் தேதியைக் காட்டி மறுத்துவிடுங்கள். நான் நன்றாக வாதாடுவேன். இரவு பதினொன்றரைக்கு இன்னும் நன்றாக வாதாடுவேன். இன்று திங்கட்கிழமை காலை, எந்த ஆட்டமும் நடக்கவில்லை. இப்போது எழுதுவதையே என் முடிவாகக் கொள்ளுங்கள்.

இது நீண்ட காலத்துக்கு என்னை முழுதாக விலக்கி வைக்கும் சுயவிலக்கம் கோரும் விண்ணப்பம் அன்று. ஆறு வாரத்துக்குப் பிறகு அதையும் கேட்கக்கூடும். கேட்டால் அன்றே செய்துவிடுங்கள், பேசிப் பார்க்க யாரையும் அனுப்ப வேண்டாம்.

எந்த வரம்பு எந்த நேரத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது, இடைவேளை எந்தத் தேதியில் முடிகிறது, 312 எப்போது அனுப்பப்பட்டது என்ற மூன்றையும் என் பதிவு மின்னஞ்சலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இன்று பெற்றுக்கொண்டால் முடியும் தேதி 14 ஏப்ரல் என்று என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் பிந்தைய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செ. முகிலன்