வீட்டு நம்பரை விட்டுவிடாதே

கும்பகோணம்
12.01.2026

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அம்மா நலம். கால் வீக்கம் குறைந்துவிட்டது. டப்ளினில் குளிர் எப்படி இருக்கிறது?

அப்பா காலத்திலிருந்து நாம் "வீட்டு நம்பர்" என்று சொல்லும் அந்த சிம்மைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் என்ஆர்ஓ கணக்குக்கும் அம்மா பெயரோடு சேர்ந்த டெபாசிட்டுக்கும் ஓடிபி அதில்தான் வருகிறது. போன வருஷம் டெபாசிட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது நீ மூன்று தடவை முயன்றும் ஓடிபி வரவில்லை. அம்மா அன்று சாப்பிடக்கூட இல்லை. ரீசார்ஜ் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாம் இருவருமே கவனிக்கவில்லை. அப்படி இனி ஒருமுறை ஆகக் கூடாது.

வேலிடிட்டி இருந்தால் போதும் என்று நினைக்காதே. ஓடிபி வந்துகொண்டிருப்பது மட்டும் சிம்மைப் பயன்படுத்துவதாகக் கணக்கில் வராது. பேச வேண்டும், அல்லது நாமே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். 90 நாள் எதுவுமே செய்யாமல் விட்டால் நம்பரைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும், நம் வங்கிச் செய்தியும் அவர்கள் போனுக்குப் போகும். எனக்கு இதுதான் பெரிய பயம். அதனால் மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு அன்று, அந்த சிம்மிலிருந்து எனக்கு ஒரு எஸ்எம்எஸ் போடு. "சாப்பிட்டேன்" என்று இருந்தாலும் போதும். ரோமிங்கில் அதற்குக் காசு பிடிக்கும், பரவாயில்லை. அதற்காக மெயின் பேலன்ஸில் எப்போதும் கொஞ்சம் வைத்திரு.

ரீசார்ஜை நான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் இப்போது வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் டிராய் அதைக் கட்டாயமாக்கி, 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம் என்றது. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் முடிந்தது. இப்போதைய வேலிடிட்டி பிப்ரவரி 20 வரை, பத்தாம் தேதியே போட்டுவிடுவேன்.

உன் போனில் அந்த சிம்முக்கு இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆக இருக்க வேண்டும், டேட்டா ரோமிங் ஆஃப். அதில் வரும் அழைப்பை எடுக்காதே, எடுத்தால் காசு. போன் மாற்றும்போது சிம்மை டிராயரில் போட்டு மறந்துவிடாதே. சிம் தொலைந்து இங்கே மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அந்த நாளில் பணப் பரிமாற்றம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அப்புறம், ஓடிபியை வாட்ஸ்அப்பில் எனக்குக்கூட அனுப்பாதே. தேவைப்பட்டால் அம்மாவோடு வீடியோ காலில் உட்கார்ந்து நீயே போடு. மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருமா என்று வங்கியில் கேட்டுப் பார்.

பத்தாம் தேதி ரீசார்ஜ் மெசேஜ் வந்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா